எழுபது சென்ட் கல்லும் ஒரு காரட் வாக்கும்

செங்கோட்டையன் பேரம் பேசாமல் வாங்கிய பொருள் என்று சோமனூரில் எதையும் காட்ட முடியாது. நூல் மூட்டைக்குப் பேரம், கல்யாண மண்டபத்துக்குப் பேரம், கோயில் வாசலில் தேங்காய்க்கும் பேரம். ஒருமுறை பல் பிடுங்கப் போன இடத்தில், ரெண்டாய்ப் பிடுங்கினால் என்ன ரேட்டு என்று டாக்டரிடம் கேட்டார் என அவர் மனைவி சாமியாத்தாள் போகிற வீட்டிலெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சொத்தைப் பல் என்னவோ ஒன்றுதான். அவள் சொல்லும்போது அவரும் கூடவே சிரிப்பார். சிரித்து முடித்ததும், கேட்டதில் என்ன தப்பு என்பார்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் அந்தச் சனிக்கிழமை காலை இருபத்து நான்கு தறிகளையும் மகன் மிதுனிடம் ஒப்படைத்துவிட்டு, மனைவியோடு கோயமுத்தூர் ராஜ வீதியில் ஒரு மாடிப்படி ஏறினார். மேலே யாகூப் பாயின் வைரக்கடை. வரப்போகிற மருமகள் லோகப்பிரியாவுக்கு மோதிரம் வாங்க வேண்டும். வைர மோதிரம். அதுவும் ஒரு காரட்.

இந்த ஒரு காரட் எங்கிருந்து முளைத்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் கொடுமுடியில் பெண் வீட்டில் உறுதி வார்த்தை நடந்தது. பெண்ணின் அப்பா அங்கப்பன் மஞ்சள் விவசாயி; நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒன்று பேசுகிறவர். அவருடைய அமைதியைப் பார்த்ததும் செங்கோட்டையனுக்கு வாய் அரிக்க ஆரம்பித்தது. சொந்தபந்தம் இருபது பேர் சுற்றி உட்கார்ந்திருக்க, “எங்க மருமகளுக்கு நாங்க ஒரு காரட் வைரத்துல மோதிரம் போடறமுங்க!” என்று சொல்லிவிட்டார். காரட் என்றால் எவ்வளவு என்று அவருக்கு அப்போது தெரியாது. சொல்வதற்கு எடுப்பாக இருந்தது, சொன்னார். சபையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அங்கப்பன் மட்டும் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, “ஆகட்டுங்க சம்மந்தி” என்றார்.

வீடு திரும்பும்போது காரில் சாமியாத்தாள் கேட்டாள். “ஏனுங்க, ஒரு காரட்டுன்னா எவ்வளவு வருமுங்க?”

“என்னமோ வருமாட்ட இருக்குது” என்றார் அவர்.

ஆகவே கடைக்குள் நுழையும்போது அவர் பையில் மூன்றரை லட்சம் போடத்தக்க காசோலையும், வாயில் சபையறியச் சொன்ன வாக்கும் இருந்தன. மூன்றரைக்கு மேலே ஒரு ரூபாய் போனாலும் புதுத் தறிக்கு ஒதுக்கியதில் கைவைக்க வேண்டும். வாக்கில் ஒரு சுண்டு குறைந்தாலும் கொடுமுடியில் தலை காட்ட முடியாது. அவருக்கிருந்த கவலை இந்த இரண்டும்தான்.

உள்ளே யாகூப் பாயின் மகள் நிதா உட்கார்ந்திருந்தாள். வைரத் தரம் பார்க்கப் படித்துவிட்டு வந்து ஒரு வருஷமாக அப்பாவோடு கடையில் இருக்கிறவள். யாகூப் பாய் கடைசி மேஜையில் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு ஏதோ கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்கண்ணா, வாங்கம்மா. என்ன பார்க்கறீங்க?” என்றாள் நிதா.

“ஒரு காரட்டுல மோதிரம் வேணும் கண்ணு.”

அவள் நாலைந்து மோதிரங்களைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். நூறு சென்ட் ஒரு காரட் என்று அவள் சொன்னபோது செங்கோட்டையனுக்கு முகமே மலர்ந்துவிட்டது.

“அட, நம்ம பூமிக் கணக்கு! நூறு சென்ட் ஒரு ஏக்கரா.”

“இந்த நூறு சென்ட்டுல கெணறு வெட்ட முடியாதுங்க” என்றாள் சாமியாத்தாள்.

தட்டில் மூன்றாவதாக இருந்த மோதிரத்தில் அவள் கண் நின்றது. நடுவில் ஒரு கல், அதைச் சுற்றியும் வளையத்தின் இரண்டு தோளிலும் பொடிப்பொடியாக இருபது கற்கள். கையில் எடுத்தால் கடையின் விளக்கெல்லாம் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது. செங்கோட்டையன் அதில் கட்டியிருந்த சின்ன அட்டையை மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் படித்தார். மொத்த எடை நாலு கிராம் இருநூறு மில்லி. மொத்த வைரம் 1.00 காரட். அந்த ஒன்றைப் பார்த்ததும் அவருக்கு அதற்கு மேல் படிக்கத் தோன்றவில்லை.

முதலில் தங்கத்தைப் பிடித்தார். “ஏங் கண்ணு, நாலு கிராம் இருநூறுங்கறது கல்லோட சேர்த்துத்தான? கல்லுக்கும் தங்க ரேட்டுப் போட்டுப்போடுவீங்களே. நாங்க நூல் வாங்கறப்ப அதைச் சுத்தியிருக்கற அட்டைக் கோனு எடையக் கழிச்சுத்தான் காசு குடுப்போம்.”

“கழிச்சாச்சுங்கண்ணா. ஒரு காரட்டுங்கறது இருநூறு மில்லிகிராம். அதைக் கழிச்சா தங்கம் நாலு கிராம். பதினெட்டு காரட் தங்கம், இன்னைக்கு கிராம் ஒம்பதாயிரம். முப்பத்தாறாயிரம். செய்கூலி கிராமுக்கு ஆயிரத்து ஐநூறு, ஆறாயிரம்.”

“தங்கத்துக்கும் காரட்டுங்கறீங்க, கல்லுக்கும் காரட்டுங்கறீங்க.”

“தங்கத்துல அது சுத்தத்தைச் சொல்றதுங்க, கல்லுல எடை. இருபத்து நாலுல பதினெட்டுப் பங்கு தங்கம், மிச்சம் வேற உலோகம். அப்பத்தான் கல்லைக் கெட்டியாப் புடிக்கும்.”

பிடிக்க ஒன்றும் அகப்படவில்லை. செங்கோட்டையனுக்கு உள்ளுக்குள் லேசான ஏமாற்றம். சரி, கல்லில் பார்த்துக்கொள்வோம் என்று நாற்காலியை முன்னுக்கு இழுத்தார்.

“இதே தரத்துல ஒரு காரட் கல்லு, காரட் என்ன ரேட்டுக்குப் போடறீங்க?”

“ஒரு காரட் கல்லுன்னா மூணு லட்சத்து அறுவதாயிரமுங்க. ஆனா இந்த மோதிரத்துல…”

செங்கோட்டையன் கையைத் தூக்கினார். முப்பது வருஷமாக நூல் ஏஜெண்டுகளின் வாயை அடைத்த கை அது. “ஆனா கீனாவெல்லாம் வேண்டாம் கண்ணு. சில்லறை சில்லறையாப் பிரிச்சு, அதுக்கு ஒரு ரேட்டு இதுக்கு ஒரு ரேட்டுன்னு எங்களைச் சுத்தல்ல வுடாதீங்க. மொத்தம் ஒரு காரட், ஒரே ரேட்டு. ரெண்டரை லட்சம்.”

நிதா பதறிப்போய், “ஐயோ, வேண்டாமுங்க” என்றாள்.

அடடே, பொண்ணு கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டார் அவர். “சரி, ரெண்டே முக்கால்.”

“இல்லீங்கண்ணா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க…”

“ரெண்டு எம்பது.”

“அவ்வளவு வராதுங்க!”

அவ்வளவு குறைக்க வராது என்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். வேறு விதமாக எடுத்துக்கொள்ள அவருக்குப் பழக்கமே இல்லை. விலை அவ்வளவு ஏறாது என்று சொல்கிற வியாபாரியை அவர் இந்தப் பிறவியில் சந்தித்ததில்லை. எதிரில் இருப்பவள் தலையை ஆட்ட ஆட்ட, இவர் தனக்கு எதிராகத் தானே ஏலம் கூவிக்கொண்டு போனார். மூன்று லட்சத்தில் வந்து நின்று, மேஜையைத் தட்டி, “முடிஞ்சுது. இதுக்கு மேல ஒரு பைசா இல்லை” என்றார். நிதா வாயை மூடிக்கொண்டு, “அத்தா” என்று கடைசி மேஜையைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

செங்கோட்டையன் மனைவி பக்கம் திரும்பி, அறுபதாயிரம் அடித்துவிட்டேன் என்று கண்ணாலேயே சொன்னார். சாமியாத்தாளோ அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விற்கிறவள் முகம் இப்படி இருக்காதே என்று அவளுக்குப் பட்டது.

யாகூப் பாய் எழுந்து வந்தார். எல்லாவற்றையும் அங்கிருந்தே கேட்டிருக்கிறார் என்பது மீசைக்குக் கீழே தெரிந்தது.

“ஏனுங்க பாய், உங்க பொண்ணு பேரத்துல உங்களையே தூக்கிச் சாப்புட்டுரும். மூணு லட்சம். கையக் குடுங்க.”

“கை குடுக்கறதுக்கு என்னங்கண்ணா. ஆனா என் மெஷின் அப்படி பில்லு அடிக்காதே” என்று சொல்லிக்கொண்டே பாய் ஒரு தாளை எடுத்து நாலு வரி எழுதினார். எழுதியதை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

நடுக்கல் 0.70 காரட், காரட் இரண்டு லட்சம் வீதம்: 1,40,000. பக்கக் கற்கள் இருபது, சேர்த்து 0.30 காரட், காரட் எழுபதாயிரம் வீதம்: 21,000. தங்கம் 36,000. செய்கூலி 6,000. ஆக இரண்டு லட்சத்து மூவாயிரம். ஜிஎஸ்டி மூன்று சதவீதம் 6,090. மொத்தம் 2,09,090.

செங்கோட்டையன் இரண்டு தரம் படித்தார். போனில் கணக்குப் போட்டார். அவர் சொன்ன விலைக்குத் தங்கமும் கூலியும் வரியும் சேர்த்தால் மூன்று லட்சத்து ஐம்பத்திரண்டாயிரத்து இருநூற்று அறுபது. பாய் கேட்பது ஒரு லட்சத்து நாற்பத்து மூவாயிரம் குறைவு. இன்னொருவராக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். செங்கோட்டையன் முகம் இறுகியது.

“ஏனுங்க பாய், கல்லு நல்ல கல்லுத்தானுங்களே?”

“நல்ல கல்லுங்க. பரிசோதிச்ச சர்ட்டிபிகேட்டு இருக்குது.”

“பின்ன எதுக்குங்க இத்தனை கொறைக்கறீங்க? கேக்காமக் கொறைச்சா சரக்குல கோளாறுன்னு அர்த்தமுங்க.”

சாமியாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நிதா குனிந்து தட்டைத் துடைக்க ஆரம்பித்தாள். பாய் மட்டும் சிரிக்காமல், “நான் கொறைக்கலீங்கண்ணா. நீங்கதான் ஏத்திப்போட்டீங்க” என்றார்.

“அதெப்படிங்க? ஒரு காரட் மூணு அறுவதுன்னு உங்க பொண்ணுதான் சொல்லுச்சு.”

“ஒரே கல்லு ஒரு காரட் இருந்தா அந்த ரேட்டுங்க” என்றாள் நிதா. “கல்லு பெருசாகப் பெருசாக காரட்டுக்கு ரேட்டே ஏறும். எழுபது சென்ட் கல்லுக்கு காரட் ரெண்டு லட்சம், முழுசா ஒரு காரட் ஆயிட்டா மூணு அறுவது. பெரிய கல்லு கெடைக்கறதே அபூர்வமுங்க. பொடிக்கல்லு நிறையாக் கெடைக்கும், அதனால எழுபதாயிரம். இதுல நடுக்கல்லு எழுபது சென்ட்தானுங்க. மிச்ச முப்பது சென்ட் பொடி.”

“அதிகமா வாங்குனா ரேட்டுக் கொறையோணும். இதென்ன அநியாயமா இருக்குது?”

அதற்கு சாமியாத்தாள்தான் பதில் சொன்னாள். தறிப் பட்டறையில் நூல் வரவு செலவு அவள் கைப்பொறுப்பு. “ஏனுங்க, ஒசத்தியான அறுவதாம் நம்பர்ப் பாவு நூலையும் மலிவான இருவதாம் நம்பர் ஊடை நூலையும் ஒரே தராசுல போட்டு, எல்லாத்துக்கும் அறுவதாம் நம்பர் ரேட்டுக் குடுன்னு ஏஜெண்டு கேட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?”

“செருப்பக் கழட்டுவேன்.”

“அதைத்தானுங்க நீங்களா போயிக் குடுக்கறீங்க.”

செங்கோட்டையனுக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் முதலில் வெட்கம் வந்தது. வாழ்க்கையிலேயே பெரிய பேரத்தில் தன்னையே ஏமாற்றப் பார்த்திருக்கிறார். அதைக்கூட விழுங்கிவிடலாம். அதன் பின்னால் வந்ததுதான் தொண்டையில் நின்றது. அப்படியென்றால் இந்த மோதிரத்தில் இருப்பது ஒரு காரட் கல் இல்லை. எழுபது சென்ட்.

“நெசமான ஒரு காரட் கல்லு வெச்சா என்ன ஆகுமுங்க?” குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

பாய் இன்னொரு தாள் எடுத்தார். “சுத்தியும் பொடிக்கல்லு இல்லாம, ஒத்தைக் கல்லு. கல்லு மூணு அறுவது. தங்கமும் கூலியும் இதே நாப்பத்தி ரெண்டுன்னு வெச்சுக்குங்க. வரியோட நாலு லட்சத்து பதினாலாயிரத்து அறுவது.”

புதுத் தறியின் ஒரு பக்கம் கண்ணெதிரே கழன்று விழுந்தது. அவர் குனிந்து, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல் மேஜையின் குறுக்கே சாய்ந்தார். “பாய். கல்லுக்கு நான் சொன்ன மூணு லட்சத்தையே தாரேன். பில்லுல மட்டும் ஒரு காரட் கல்லுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துப்போடுங்க. யாரு பார்க்கப் போறாங்க?”

யாகூப் பாய் மோதிரத்தை எடுத்து அதன் பெட்டியில் வைத்தார். “அண்ணா, இந்தக் கல்லோட சர்ட்டிபிகேட்டுல எழுபதுன்னு இருக்குது. நாளைக்கு உங்க மருமகப் பொண்ணு எங்கியாச்சும் கொண்டுபோய் எடை பார்த்தா, என் பேரும் போகும், உங்க பேரும் போகும். அந்த ரேட்டு வேண்டாமுங்க. எல்லாஞ் சேர்த்து ரெண்டு ஒம்பதே போதும்.”

“ஒரு பொய்க்கு ஒரு லட்சத்து நாப்பத்து மூணாயிரமுங்களா?” என்றாள் சாமியாத்தாள். “நம்ம ஊர்ல இனாமாவே கெடைக்குமே.”

கேலி அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அவளுக்கும் சொன்ன பிறகு பாவமாகிவிட்டது. நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்த விதம் அப்படி. பேரத்தில் அவர் தோற்று முப்பது வருஷத்தில் அவள் பார்த்ததில்லை. பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். “அந்தப் புள்ளைக்கு இந்த மோதிரம் அழகா இருக்குமுங்க. வாங்கிக்கலாம். சம்மந்திகிட்ட நீங்களே சொல்லிப்போடுங்க. இருபது பேரு முன்னால சொன்னது உங்க வாயி. ஒருத்தருகிட்ட இல்லைன்னு சொல்ல அதுக்குத் தெம்பு இல்லைங்களா?”

டீ வந்தது, ஆறியது. பிறகு செங்கோட்டையன் போனை எடுத்தார். கை வேர்த்திருந்ததால் இரண்டு தடவை தப்பான இடத்தில் அழுத்தினார். மூன்றாம் தடவை அழுத்தியதில் ஸ்பீக்கரும் சேர்ந்துகொண்டது. அதை அணைக்கத் தெரியாமல் அப்படியே மேஜையில் வைத்துவிட்டார்.

“சொல்லுங்க சம்மந்தி” என்றது அங்கப்பனின் குரல்.

“சம்மந்தி, நான் கோயமுத்தூருல நகைக்கடையில இருக்கறேனுங்க. புள்ளைக்கு மோதிரம் பார்த்தாச்சு. அது வந்துங்க…” அவர் கர்ச்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “அன்னைக்கு ஊட்டுல ஒரு காரட்டுன்னு சொன்னேனுங்களே. தெரியாமச் சொல்லிப்போட்டேன். ஒரு காரட் கல்லு நமக்குக் கட்டுபடியாகலீங்க. இது நடுக்கல்லு எழுபது சென்ட்தான். நல்ல கல்லு. ஆனா ஒரு காரட் இல்லீங்க. சபையில சொன்ன வார்த்தை, கொறைஞ்சு போச்சு. நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது.”

மறுமுனையில் சத்தமே இல்லை. செங்கோட்டையன் சாமியாத்தாளைப் பார்த்தார். அவள் போனைப் பார்த்தாள். பாய் எழுந்து போவதா உட்காருவதா என்று தெரியாமல் பாதி எழுந்த நிலையில் நின்றார்.

“சம்மந்தி, கேக்குதுங்களா?”

“கேக்குதுங்க.” அங்கப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு, யாரும் அவரிடம் கேட்டறியாத அளவுக்குப் பேசினார். “மஞ்சள் இன்னும் மண்டிக்குப் போடலீங்க சம்மந்தி. விலை படுத்துக் கெடக்குது, ஏறட்டும்னு குடோன்லயே வெச்சிருந்தேன். நாளைக்குக் காலையில லாரி வரச் சொல்லியிருக்குதுங்க. வந்த விலைக்குத் தள்ளிப்போடலாம்னு. மாப்பிள்ளைக்கு நாங்களும் மோதிரம் போடோணுமில்லீங்க. நீங்க ஒரு காரட்டுன்னு சொன்ன பொறகு நான் அரைக் காரட்டுன்னு கொண்டாந்து வெச்சா நல்லாவா இருக்கும்? ஈரோட்டுல விசாரிச்சேன். நாலு லட்சத்துக்கு மேல சொன்னாங்க. பன்னெண்டு நாளா தூக்கமே இல்லீங்க.”

செங்கோட்டையனுக்கு உடம்பெல்லாம் கூசியது. அன்று அங்கப்பன் தரையைப் பார்த்தாரே, அது மரியாதை என்று இவர் நினைத்திருந்தார். எடுப்பாக இருக்கிறதே என்று தான் வாயால் விட்ட ஒரு சொல், ஒரு மனுஷனின் வருஷத்து உழைப்பை அடிமாட்டு விலைக்கு லாரி ஏற்றப் பார்த்திருக்கிறது. தறிக்கு ஒதுக்கிய காசைப் பற்றி இவர் கவலைப்பட்டுக்கொண்டிருந்த அதே பன்னிரண்டு நாளும்!

“அந்த லாரிய நிறுத்துங்க சம்மந்தி” என்றார். “என் பையனுக்கு வைரம் எதுக்குங்க? நாள் முச்சூடும் தறிக்குள்ள கைய வுடற பய. கல்லு எது, கிரீஸு எதுன்னு தெரியாமத் தொடைச்சுப்போடுவான். தங்கத்துல மெலிசா ஒண்ணு போடுங்க, போதும். அதுவும் உங்களுக்குத் தோதுப்பட்டா. நான் சபையிலயே சொல்றேன். அன்னைக்குப் பெருசாச் சொன்ன வாயே சொல்லும்.”

அங்கப்பன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார் போலிருக்கிறது. தூரத்தில் அவர் குரல் கேட்டது. பன்னிரண்டு நாளுக்கு முன் நாலு பேர் நடுவில் கேட்ட குரலே இல்லை அது. பாரத்தை இறக்கி வைத்த மனுஷனின் குரல், வீட்டுக்குள் யாரையோ கூப்பிட்டது.

“அம்மணி! லாரிக்காரனுக்குப் போனப் போடு. நாளைக்கு வர வேண்டாமுன்னு சொல்லு.”